சி.ஆர்.ஓ. படத்தில் ‘டிவிஷன்’: கட்டம், கட்டமதிப்பு – சொல் வேண்டும்

கதிரேசன், தேவகோட்டை

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். சி.ஆர்.ஓ. என்னும் அலைகாட்டி பாடத்தில், திரையில் போட்ட கட்டத்தைக் குறிக்கும் ‘டிவிஷன்’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. ‘பிரிவு’ என்று போட்டிருந்தேன். மாணவர் ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் போதுமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

படத்தில் இரண்டு அலைகள். மேலே 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி. கீழே சிக்னல் ஜெனரேட்டர், அதன் டயல் 200 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நேரக் குமிழ் ஒரு டிவிஷனுக்கு 5 மில்லி செகண்டில், மேல் அலையின் வோல்ட் குமிழ் ஒரு டிவிஷனுக்கு 5 வோல்ட்டில். குமிழ்களும் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. மாணவர் எழுதியது: மேல் அலை 62.5 ஹெர்ட்ஸ், வீச்சு 19 வோல்ட். கீழ் அலை 250 ஹெர்ட்ஸ். ‘ஜெனரேட்டர் பழுது, டிரான்ஸ்ஃபார்மரும் தவறு’ என்று முடித்திருக்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கையில் பிழை இல்லை. அந்தக் கருவியை வேறு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், திரும்ப அளக்க வழியில்லை. கையில் இருப்பது படமும் மாணவரின் நோட்டும்தான்.

சுப்பு, காரைக்குடி

கதிரேசன் அண்ணே, ‘பிரிவு’ வேண்டாம். பேசாமல் ‘சென்டிமீட்டர்’ என்றே எழுதுங்கள். நான் டி.வி. மெக்கானிக்காக இருந்தபோது பார்த்த சி.ஆர்.ஓ. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர்தான், அகலம் 10, உயரம் 8. படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு நூல் கூடத் தப்பாது. பையன் கண்ணால் எண்ணியதில்தான் ஏதோ போயிருக்கும்.

மெய்யம்மை, காரைக்குடி

சுப்பு தம்பி சொல்வது பழைய குழாய்த் திரைக்கு ஓரளவு சரி. ஆனால் இன்றைய டிஜிட்டல் அலைகாட்டியில் கட்டத்தின் அளவு திரைக்குத் திரை மாறும். அதனால் சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த கருவியிலேயே மாணவன் தடுமாறுவான். படத்துக்கு அது இன்னும் பொருந்தாது. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தை ஒரு மூலையில் நின்று போட்டோ எடுத்துப் பாருங்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவுதான், ஆனால் தள்ளி இருப்பது படத்தில் சிறுத்துத்தான் விழும். சாய்வாக எடுத்த அலைகாட்டித் திரையின் படத்திலும் வலப்பக்கக் கட்டம் இடப்பக்கத்தைவிடக் குறுகி இருக்கும். ஸ்கேல் வைத்தால் ஏமாந்து போவோம். அலையையும் கட்டத்தையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டு, கட்டக்கணக்காகவே எண்ணினால் அந்தச் சாய்வு பெரும்பாலும் நம்மைத் தொடாது. கட்டக்கோடுகள் குழாயின் உள்முகத்திலேயே இருந்தால் இது நன்றாகவே பலிக்கும். கோடுகள் முன்னால் மாட்டிய பிளாஸ்டிக் தகட்டில் இருந்தால், பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் அலையே கோட்டைவிட்டு நகர்ந்து தெரியும்.

ஆகவே என் ஓட்டு ‘கட்டம்’. நடுக்கோடுகளில் ஒவ்வொரு கட்டத்தையும் ஐந்தாகப் பிரிக்கும் சிறு கோடுகளுக்கு ‘கீற்று’. ஒரு கீற்று என்றால் 0.2 கட்டம். ‘பிரிவு’ என்று எழுதினால் மாணவன் கட்டத்தை எண்ணுவதா கீற்றை எண்ணுவதா என்று குழம்புவான். விடை ஐந்து மடங்கு தவறிப்போகும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அலையின் முகட்டில் வைத்து அளக்கவில்லை, முகடு தட்டையாக இருப்பதால் அதன் உச்சி எங்கே என்று கண் தடுமாறும். அலை நடுக்கோட்டைக் கீழிருந்து மேலாக வெட்டும் இடங்களை எடுத்துக்கொண்டேன். முதல் வெட்டு இடது ஓரத்திலிருந்து ஒரு கீற்று தள்ளி. மூன்று முழு அலை கழித்து அடுத்த வெட்டு வலது ஓரத்துக்கு ஒரு கீற்று முன்னால். ஆக மூன்று அலைக்கு 9.6 கட்டம், ஓர் அலைக்கு 3.2 கட்டம். குமிழில் பொறித்தபடி பெருக்கினால் 16 மில்லி செகண்ட், அதாவது 62.5 ஹெர்ட்ஸ். மாணவன் எண்ணியது சரிதான்.

ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக் கரண்ட்டில் ஓடுகிறது. நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும், 62.5-க்குப் போகவே போகாது. ஆக ஓர் அலையின் 3.2 கட்டம் உண்மையில் 20 மில்லி செகண்ட். ஒரு கட்டத்துக்கு 6.25 வருகிறது, 5 அல்ல.

காரணம் நேரக் குமிழின் நடுவில் இருக்கும் சின்னக் குமிழ். அது ஓரத்தில் ‘கேல்’ என்று பொறித்த இடத்தில் ‘டக்’கென்று விழுந்து நிற்க வேண்டும். அதிலிருந்து நழுவினால் புள்ளி திரையில் மெதுவாக ஓடும். ஒரு கட்டத்தைக் கடக்கக் கூடுதல் நேரம் ஆவதால் அதே அலை குறைந்த கட்டத்துக்குள் அடங்கிவிடும். நாம் அதை வேகமான அலை என்று படித்துவிடுவோம். பெரிய குமிழின் முனை 5-ஐயே காட்டிக்கொண்டிருக்கும், படத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது.

கீழ் அலையும் இதையேதான் சொல்கிறது. ஏழு அலைக்கு 5.6 கட்டம். 5-ஆல் பெருக்கினால் 28 மில்லி செகண்ட், 250 ஹெர்ட்ஸ். 6.25-ஆல் பெருக்கினால் 35 மில்லி செகண்ட், ஓர் அலைக்கு 5, சரியாக 200 ஹெர்ட்ஸ். இரண்டு அலையும் ஒரே 1.25 மடங்கு பிசகியிருக்கின்றன. ஜெனரேட்டர் பழுதாக இருந்தால் அது மட்டும்தானே பிசகியிருக்கும்? பழுது ஜெனரேட்டரில் இல்லை.

அதனால்தான் ஒரு சொல் போதாது என்கிறேன். குமிழில் எழுதியிருப்பது ‘பொறித்த கட்டமதிப்பு’. திரையில் நடப்பது ‘மெய்க் கட்டமதிப்பு’. இந்த இரண்டும் வேறாக இருக்கலாம் என்று சொல்ல மாணவனிடம் வார்த்தை இருந்தால் ஜெனரேட்டரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டான்.

லெட்சுமணன், கானாடுகாத்தான்

ஆச்சி சொன்னதைப் படித்ததும் என் படம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பழைய வால்வு ரேடியோவைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்த கண்டென்சரில் மேலும் கீழும் ஆடும் மிச்ச அலையைப் படம் எடுத்தேன். நேரக் குமிழ் 5 மில்லி செகண்ட், ஓர் அலைக்கு 2 கட்டம். கணக்குப்படி 100 ஹெர்ட்ஸ் வருகிறது. மெயின்ஸ் 50 தானே? அப்படியானால் என் கருவியிலும் சின்னக் குமிழ் நழுவியிருக்கிறது, மெய்க் கட்டமதிப்பு 10 என்று எடுத்துக்கொள்ளலாமா? வோல்ட் குமிழ் 0.5, உயரம் 3 கட்டம். ஒன்றரை வோல்ட்தான் ஆடுகிறது, ஆனால் ஸ்பீக்கரில் உறுமல் தாங்கவில்லை.

மெய்யம்மை, காரைக்குடி

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு அலை ரெக்டிஃபையர், மெயின்ஸ் அலையின் கீழ்ப்பாதியையும் மேலே புரட்டிப் போடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மேடு வரும், 100 ஹெர்ட்ஸ்தான் முறை. வால்வின் இரண்டு பாதியும் வேலை செய்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். ஒரு பாதி செத்திருந்தால்தான் 50 வரும். ஆனால் உங்கள் படத்தை மட்டும் வைத்து நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஒரு பாதி செத்து, சின்னக் குமிழும் நழுவி, இரண்டும் சேர்ந்து 100 போலக் காட்டவும் இடமுண்டு. சின்னக் குமிழை ‘டக்’கென்று விழவைத்து ஒருமுறை பாருங்கள், தெரிந்துவிடும்.

உயரத்தில்தான் எனக்குச் சந்தேகம். அந்த இடத்தில் 250 வோல்ட் அளவுக்கு நிற்கும், நீங்கள் நேர் ஒயரில் அளந்திருக்க மாட்டீர்கள். புரோபின் கைப்பிடியில் இருக்கும் ஸ்விட்ச் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பக்கம் இருந்ததா? அது போட்டோவில் விழாது. இருந்தால் ஒன்றரை அல்ல, 15 வோல்ட் ஆடுகிறது. உறுமலுக்கு அது போதும், முதலில் அந்தக் கண்டென்சரைப் பாருங்கள்.

லெட்சுமணன், கானாடுகாத்தான்

பத்தில்தான் இருந்தது ஆச்சி. சின்னக் குமிழை நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சுப்பு, காரைக்குடி

சரி ஆச்சி, சென்டிமீட்டரை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘கட்டம்’ என்றால் நான்கு பக்கமும் சேர்ந்த பெட்டி அல்லவா? நாம் எண்ணுவது அதன் ஒரு பக்க நீளத்தைத்தானே. ‘கட்டநீளம்’ என்று வைத்தால் என்ன?

கதிரேசன், தேவகோட்டை

கட்டம் போட்ட நோட்டில் ‘நாலு கட்டம் தள்ளி எழுது’ என்றால் குழந்தைக்கும் புரிகிறது சுப்பு. ‘நீளம்’ சேர்த்தால் மறுபடி ஸ்கேலைத் தேடுவார்கள். கட்டம், கீற்று, பொறித்த கட்டமதிப்பு, மெய்க் கட்டமதிப்பு என்று கையேட்டில் ஏற்றிவிட்டேன். மெயின்ஸ் அலையை ஒரு சேனலில் வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்பதையும் செய்முறையிலேயே எழுதிவிட்டேன், பிறகு சந்தேகம் வந்தால் சாட்சிக்கு அது இருக்கும்.

ஆச்சி, அந்த 19 வோல்ட் மட்டும் மிச்சம். மேல் அலை அடியிலிருந்து உச்சிவரை 3.8 கட்டம், 5 வோல்ட்டால் பெருக்கினால் 19. வோல்ட் குமிழுக்கும் நடுவில் சின்னக் குமிழ் உண்டே, அதுவும் நழுவியிருக்குமா?

மெய்யம்மை, காரைக்குடி

அதைப் பார்க்க மல்டிமீட்டர்தான் சாட்சி. மாணவனின் நோட்டில் 6.7 வோல்ட் என்று இருக்கிறது. 19-இல் பாதி 9.5, அதை 1.414-ஆல் வகுத்தால் 6.7. பொருந்திவிட்டது, அந்தக் குமிழ் நழுவவில்லை. 6 வோல்ட் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் 6.7 காட்டுவதும் பழுதல்ல. எழுதியிருப்பது முழுச்சுமை இழுக்கும்போது உள்ள அளவு. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல் கூடுதலாகத்தான் காட்டும்.

மாணவன் பிசகியது ‘வீச்சு’ என்ற சொல்லில். நடுக்கோட்டிலிருந்து முகடுவரைதான் வீச்சு, அது 9.5. அடியிலிருந்து உச்சிவரை உள்ள 19-க்கு வேறு சொல் வேண்டும். ‘முகடு-அகடு உயரம்’ என்பது என் யோசனை. நடுக்கோடு எங்கே என்று தெரியாத படத்திலும் அதை எண்ண முடியும், அதனால் முதலில் அளக்க வேண்டியது அதுதான்.

சுப்பு, காரைக்குடி

‘முழுவீச்சு’ சின்னதாக இருக்கிறதே.

மெய்யம்மை, காரைக்குடி

‘வேலை முழுவீச்சில் நடக்கிறது’ என்று தினமும் எழுதுகிறோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது. வீச்சு என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் மாற்றிப் போடுவார்கள் என்றும் பயம்.

கதிரேசன், தேவகோட்டை

எனக்கு இரண்டுமே சரியாகப் படுகின்றன. மெய்ப்பு அடுத்த வாரம் போகிறது. அதுவரை அந்த ஓர் இடத்தை வெற்றிடமாக விட்டு வைக்கிறேன், வேறு யாராவது எழுதுங்கள்.