ஒரு கிலோ மல்லிகையில் 20 முழம்தான் வருகிறது, எங்கே குறைகிறது?

செல்வி, சுங்கை சிப்புட்
வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கும் இரண்டு கடைகளுக்கும் தினமும் மல்லிகைச் சரம் கட்டித் தருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மொட்டு. ஈப்போ மொத்தக்காரர் ஐஸ் பெட்டியில் அனுப்புவார். கிலோ 100 வெள்ளி. முன்பு ஒரு கிலோவில் 25 முழம் வரும். கொஞ்ச நாளாக 20 முழத்தைத் தாண்டவில்லை. அதே கை, அதே நூல், நெருக்கமும் அதேதான். கடைக்கு முழம் 6 வெள்ளிக்குக் கொடுக்கிறேன். 25 முழம் வந்தால் பூவுக்கு முழத்துக்கு 4 வெள்ளி ஆகிறது, 20 என்றால் 5 வெள்ளி. மிச்சம் ஒரு வெள்ளியில் நூலும் கூலியும் எப்படி அடங்கும்? பெட்டி வந்ததும் என் தராசில் போட்டுப் பார்த்தேன், ஒரு கிலோ சரியாகக் காட்டுகிறது. வேறு எங்கே போகிறது?

முரளி
தராசில்தான் கோளாறு. மொத்தக்காரர் தராசில் சோதனை முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம்.

செல்வி
முத்திரை பார்ப்பது நல்ல யோசனைதான் அண்ணா. ஆனால் என் தராசும் ஒரு கிலோ என்றுதானே சொல்கிறது?

கௌரி, தாப்பா
எங்களுக்குக் கேமரன் மலையிலிருந்து செவ்வந்தி பக்கத்திலேயே கிடைக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மாலை முழுக்கச் செவ்வந்தியில்தான் கட்டினோம், மல்லிகை ஓரத்துக்கு மட்டும். நீங்களும் செவ்வந்தி கலந்து கட்டலாமே?

செல்வி
மாலைக்குச் சரிதான் அக்கா. நான் கட்டுவது தலைக்கு வைக்கிற சரம், அதில் செவ்வந்தி ஏறாது.

மங்களம், கிள்ளான்
செல்வி, தராசு பொய் சொல்லவில்லை. நீ தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருக்கிறாய். ஐஸ் உருகி மொட்டுக்குள் இறங்கியிருக்கும், இல்லையென்றால் அனுப்பும்போதே தெளித்திருப்பார்கள். ஒரு கை மொட்டை அள்ளிக் காகிதத்தில் கொட்டிப் பார். காகிதம் நனைந்தால் அதுதான் காரணம்.

நாளைக்கு இப்படிச் செய். பெட்டி வந்ததும் நிறு. பிறகு பருத்தித் துணியில் மொட்டை ஒரு அடுக்காகப் பரப்பி, காற்றாடிக்குக் கீழே இருபது நிமிடம் வை. அதற்கு மேல் வேண்டாம், காம்பு வாடிவிடும். அப்புறம் விரிந்தது, பழுப்பேறியது எல்லாம் எடுத்துப் போட்டு மறுபடி நிறு. அந்த இரண்டாவது எடைக்குத்தான் நீ காசு கொடுத்திருக்கிறாய். விலையை அதால் வகுத்தால் உண்மை விலை தெரிந்துவிடும்.

முரளி
ஆனால் தண்ணீர் தெளித்தால்தானே பூ வாடாமல் இருக்கும்?

மங்களம்
கட்டி முடித்த சரத்தில், விற்கிற நேரத்தில் லேசாகத் தெளிப்பது வேறு தம்பி. மொட்டாக இருக்கும்போது ஈரத்தோடு மூடி வைத்தால் இதழ் ஓரம் பழுத்துவிடும். குளிர்ந்த பெட்டியைத் திறந்த உடனே நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மொட்டின் மேல் வியர்க்கும், அதையும் துடைக்கத்தான் காற்றாடி. மிச்சமாகும் மொட்டைப் பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, காய்கறி வைக்கிற கீழ்த்தட்டில் வை. ஐஸ் தட்டில் வைத்தால் மொட்டு கருகிவிடும். பழுத்த வாழைப்பழமும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

செல்வி
அக்கா சொன்னபடி பார்த்துவிட்டேன். 1000 கிராம் வந்தது. உலர்ந்தபின் 860, கழிசல் எடுத்தபின் 800. அதாவது கிலோ 125 வெள்ளி! முழம் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் பிடிக்கிறது, அதனால் 20 முழம் சரியாக வருகிறது.

இன்னொருவர் கிலோ 115 என்றதால் இதுவரை வாங்காமல் இருந்தேன். அவரிடமும் ஒரு கிலோ வாங்கிப் பார்த்தேன். உலர்த்திக் கழித்தபின் 950 கிராம் நின்றது. கிலோ 121 வெள்ளிதான் ஆகிறது, முழமும் 23-க்கு மேல் வரும். விலை கூடச் சொல்பவரிடம்தான் மலிவு.

மங்களம்
ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதே, அவர் பெட்டியும் ஒரு நாள் ஈரமாக வரலாம். பழைய ஆளிடம் இந்தக் கணக்கைக் காட்டு, பாதிப் பேர் உடனே உலர்ந்த பூ அனுப்புவார்கள். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தை விலை செய்தியில் வரும், அதையும் பார்த்துக்கொள். விமானச் செலவு சேருவதால் அதே விலையை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் அங்கே இறங்கியும் இங்கே இறங்கவில்லை என்றால் கேட்கலாம்.

செல்வி
கேட்கிறேன் அக்கா. கோயிலுக்கு மட்டும் வருஷம் முழுக்க ஒரே விலை பேசியிருக்கிறேன். மார்கழி, தையில் குளிரில் அங்கே பூ குறைந்து விலை ஏறும், இங்கேயோ தைப்பூசம். அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்வது?

மங்களம்
நான் அந்த மாதங்களுக்குத் தனி விலை பேசிக்கொள்கிறேன். எங்கள் கோயிலில் ஒத்துக்கொண்டார்கள், உங்கள் ஊர் நிர்வாகம் எப்படி என்று எனக்குத் தெரியாது.

கௌரி
எங்கள் கோயிலில் ஒத்துக்கொள்ளவில்லை. விலை ஏறினால் முழத்தைக் குறைத்துக் கொடு என்றார்கள். அது சரியா என்று எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.