ரிடென்ஷன் தொகையை விடுவிக்கக் கோரும் கடிதம்: உதவி தேவை

கசிவுத்தடுப்பு: வணக்கம். நான் ஓர் உள் ஒப்பந்ததாரர். மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை முடித்துக் கொடுத்து, முதன்மை ஒப்பந்ததாரரும் அதை ஏற்றுக்கொண்டு நெடுநாள் ஆகிறது. குறைபாடு வந்தால் ஈடுகட்டவென்று பில்களில் பிடித்த ரிடென்ஷன் தொகை மட்டும் இன்னும் வரவில்லை. நாளையே கடுமையான ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். மாதிரி இருந்தால் தாருங்கள்.

அளவையாளர்: எத்தனை விழுக்காடு பிடித்தார்கள்? பாதியாவது வந்ததா? ஏற்றுக்கொண்டதை எழுத்தில் கொடுத்தார்களா, வாய்ச்சொல்லா? குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? இறுதிப் பில்லில் கையெழுத்திட்டபோது அதன் அடியில் என்ன வாசகம் இருந்தது?

தூண்_வேலை: எனக்கும் இதே தொல்லைதான். வேலை முடிந்த பிறகும் என் வங்கி உத்தரவாதத்தைத் திருப்பித் தரவில்லை. வங்கிக்கு நேராக எழுதுங்கள்.

அளவையாளர்: அது வேறு. இங்கே பணம் முதன்மை ஒப்பந்ததாரரின் கையில் இருக்கிறது. வங்கிக்கு இதில் வேலை இல்லை.

பழைய_மேலாளர்: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு மாதிரிக் கடிதம் தேடுவதுதான் இங்கே வழக்கம். வங்கி உத்தரவாதம் கொடுத்தால் ரிடென்ஷனை அன்றே வாங்கலாம் என்பது இத்துறையில் புதிதாக வந்தவருக்கும் தெரியும்.

கசிவுத்தடுப்பு: 5 விழுக்காடு பிடித்தார்கள். பாதி வந்துவிட்டது, மீதி 2.5. நிறைவுச் சான்றிதழ் 2022 ஜூன் 10 அன்று அவர்களுடைய திட்ட மேலாளர் கையெழுத்திட்டது. பொறுப்புக் காலம் 12 மாதம். கசிவு என்று ஒரு கடிதமும் வரவில்லை. கட்டட உரிமையாளர் இன்னும் தங்களுக்கே விடுவிக்கவில்லை என்கிறார்கள்.

அளவையாளர்: பழைய_மேலாளர் சொல்லும் உத்தரவாத வழி பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் ஒப்பந்தம் இடங்கொடுத்தால், பயன்படும். காலம் முடிந்திருந்தால் தமக்குச் சேர வேண்டிய பணத்துக்கு எதற்காக உத்தரவாதம் கொடுக்க வேண்டும்?

உண்மையான கேள்வி, அந்த 12 மாதம் உங்கள் பணியின் நிறைவிலிருந்து ஓடுகிறதா, முழுக் கட்டடத்தின் நிறைவிலிருந்து ஓடுகிறதா என்பதே. பன்னாட்டுக் கட்டுமான மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்பு நூலில், பணியை ஏற்றுக்கொண்ட சான்றிதழுடன் முதல் பாதியும் குறைபாட்டு அறிவிப்புக் காலம் முடிந்ததும் மீதியும் விடுவிக்கப்பட வேண்டும். ஆனால் அது உரிமையாளருக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் இடையிலான ஏற்பாடு. உங்கள் ஒப்பந்தம் அதை அப்படியே இறக்கிக்கொண்டிருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். உங்கள் பணியிலிருந்து ஓடினால் கடிதத்தின் மையப் பத்தி இவ்வளவு போதும்:

"எங்கள் பணி 2022 ஜூன் 10 அன்று நிறைவுற்றதாகத் தங்கள் சான்றிதழ் கூறுகிறது. ஒப்பந்தத்தின் (இன்ன) பிரிவின்படி 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 2023 ஜூனில் முடிந்தது. அக்காலத்தில் குறைபாடு குறித்த அறிவிப்பு எதுவும் எங்களுக்கு வரவில்லை. எனவே இணைப்பில் பில் வாரியாகக் காட்டியுள்ள பிடித்தங்களின் நிலுவையை இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தராவிடில், எந்தப் பிரிவின்படி தடுத்து வைத்துள்ளீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உரிமையாளர் தரவில்லை என்பது அவர்கள் தொலைபேசியில் சொல்லும் சாக்கு. எழுத்தில் கேட்டால் அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைக் காட்டியாக வேண்டும். கூடுதல் வேலைக்கான கோரிக்கை எதையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்தத் தகராறு முடியட்டும் என்று இதையும் நிறுத்திவிடுவார்கள்.

கணக்கர்: வட்டியையும் கேளுங்கள். 18 விழுக்காடு என்று போட்டால்தான் அசைவார்கள்.

அளவையாளர்: ஒப்பந்தத்திலோ உங்கள் நாட்டுச் சட்டத்திலோ இல்லாத விகிதத்தை எழுதினால், அவர்கள் அசல் தொகையை விட்டுவிட்டு வட்டியைப் பற்றியே பதில் எழுதுவார்கள். வட்டி கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி போதும்.

கணக்கர்: பேரம் பேசும்போது விட்டுக்கொடுக்கக் கையில் ஏதாவது வேண்டாமா? வட்டியைத் தள்ளுபடி செய்துதான் நான் அசலை வாங்கினேன்.

பழைய_மேலாளர்: அசலை வாங்கவே வட்டியை விட்டீர்கள் என்றால் பேரத்தில் வென்றது யார் என்று கணக்கரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அளவையாளர்: அதைவிட அவசரமான ஒன்று உண்டு. வழக்குத் தொடுக்கும் காலவரம்பு பல நாடுகளில் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓடும். வெறும் நினைவூட்டல் கடிதம் பெரும்பாலும் அதை நிறுத்தாது. அவர்களுடைய பேரேட்டில் உங்கள் பெயரில் நிற்கும் நிலுவையை உறுதிப்படுத்தும் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால் அது வேறு விதம். காலவரம்புக்கு முன் உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். இறுதிப் பில்லின் வாசகத்தை இன்னும் சொல்லவில்லையே?

கசிவுத்தடுப்பு: கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் அனுப்பிவிட்டேன். இறுதிப் பில்லில் "ரிடென்ஷன் நீங்கலாக வேறு கோரிக்கை இல்லை" என்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் உடலில் "உள் ஒப்பந்தப் பணி நிறைவு" என்றும் இணைப்பில் "முதன்மைப் பணி நிறைவு" என்றும் இருக்கிறது. நன்றி.

அளவையாளர்: பில்லின் வாசகம் உங்களுக்குச் சாதகம். உடலும் இணைப்பும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று ஆவண முன்னுரிமைப் பிரிவு ஒன்று இருக்கும். அதில் எது முதலில் வருகிறது?