நூலக மேசைக் கதை: கடைசியில் இருவரும் பேசத்தான் வேண்டுமா?

வெண்கோடு:
ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன். நூலகத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரும் இருவர்: தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவள் பேனாப் பொத்தானை அழுத்தி அழுத்திச் சத்தமிடுகிறாள். அவர் ஒரு துண்டுச்சீட்டை நகர்த்துகிறார்: “அந்தப் பேனாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.” அங்கே தொடங்கிப் பல நாள் சீட்டுகள் போய்வருகின்றன. மூன்றாவது சீட்டில் தன் மனைவிக்கு நினைவு தப்பிக்கொண்டிருப்பதைச் சொல்கிறார். கடைசியில் இருவரும் வெளியே வந்து பேசுகிறார்கள். பேசவே கூடாது என்கிறாள் தோழி. எது சரி?

பழையவாசகன்:
பேசட்டும். இத்தனை பக்கம் வாய் திறக்காமல் இருந்தவர்களின் குரலைக் கேட்கத்தான் வாசகன் காத்திருக்கிறான். அதைக் கொடுக்காமல் பிரித்து அனுப்புவது இப்போது ஒரு மோஸ்தர். பாதியில் நிறுத்தினால் இலக்கியம் ஆகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்.

தாழ்வாரம்:
முடிவை விடுங்கள், சிக்கல் மூன்றாவது சீட்டில் இருக்கிறது. பேனாச் சத்தத்துக்குக் கடிந்துகொண்ட மனிதர், ஒரு மன்னிப்புச் சீட்டு வந்த உடனே குடும்பத் துயரத்தை எழுதித் தள்ளுவாரா? அது சீட்டு வேடம் போட்ட வசனம். சீட்டுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. கடிதம் என்றால் படிப்பவரின் முகம் நமக்குத் தெரியாது. பேச்சு என்றால் சொன்னது உடனே போய்ச் சேர்ந்துவிடும். சீட்டை மட்டும்தான் எழுதி, மடித்து, நகர்த்திவிட்டு, எதிராளி படிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. இருவரும் மேசையை விட்டு எழுந்து போகவும் முடியாது. கதை அந்த இடைவெளியில் நடக்க வேண்டும். அவர் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினால், அடித்த வரியும் அவள் கைக்குத்தான் வருகிறது. உங்கள் வரைவில் அடித்தல் திருத்தல் உண்டா?

வெண்கோடு:
இல்லை. எல்லாச் சீட்டும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

கூட்டல்குறி:
நான் வேறு மாதிரிச் சொல்வேன். நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒருவர் சீட்டு நீட்டினார். அதன் பிறகு நான் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. முன்பின் தெரியாத ஆண் தினமும் சீட்டு தருவதை ஏன் இப்படி அழகாக்குகிறீர்கள்? நூலகரிடம் புகார் செய்வதுதானே முறை?

பழையவாசகன்:
கேள்வி கதையைப் பற்றியது, அம்மா.

தாழ்வாரம்:
கதையைப் பற்றித்தான் சொல்கிறார், பழையவாசகன். அந்தப் பயம் அவளுக்குள்ளும் ஒரு நொடி எழ வேண்டும். முதல் சீட்டு புகாராக இருப்பது நல்ல தேர்வு. அதில் கெஞ்சலோ குழைவோ இல்லை. ஆனால் இரண்டாவது நாள் அவராகவே எழுதினால் கூட்டல்குறி சொல்வது நடந்துவிடும். அன்று அவள்தான் முதலில் எழுத வேண்டும். பேனாவை மாற்றிவிட்டு, “இன்று பென்சில்” என்று இரண்டு சொல். அவர் பதில் எழுதவே வேண்டாம், தலையசைத்தால் போதும்.

அடுக்கறை:
நூலகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு சொல். மனைவியின் நோயைச் சீட்டில் எழுதவே தேவையில்லை, அவர் புத்தகத்தின் முதுகு சொல்லிவிடும். பொருளுக்கொரு எண் கொடுக்கும் தூயி முறைப்படி அடுக்கும் நூலகத்தில் 616.8 என்றால் நரம்பு மண்டல நோய்கள். அந்தச் சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டிய முதுகு தினமும் அவள் கண்ணெதிரே இருக்கிறது. எண் அவளுக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். ஒருநாள் தன் புத்தகத்தைத் தேடிப் போகும்போது அடுக்கின் முனைப்பலகையில் 616 கண்ணில் படட்டும். அந்த வரிசையில் ஒரு புத்தகம் எடுத்த இடைவெளி. இருபுறமும் மறதி நோயைப் பற்றிய தலைப்புகள். திரும்பி வந்து உட்காருகிறாள். ஒன்றும் எழுதுவதில்லை. அன்று பொத்தான் பேனாதான் அவள் கையில், ஆனாலும் சத்தமில்லை.

இன்னொன்றும் கிடைக்கும். அந்த நூலை நோக்கு நூல் பிரிவில் வையுங்கள். நோக்கு நூலை வீட்டுக்குத் தரமாட்டோம். அவர் ஏன் தினமும் வந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார் என்பதற்கு விளக்கமே வேண்டியதில்லை.

மணிக்கூடு:
இந்தக் காலத்தில் யார் சீட்டு எழுதுகிறார்கள்? கைபேசியில் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினால் முடிந்தது. கதை பழைய காலத்தில் நடப்பதாக வைத்தால்தான் நம்பலாம்.

அடுக்கறை:
நம்பும்படி இல்லை என்பதில் பாதி நியாயம் இருக்கிறது, காகிதம் எங்கிருந்து வந்தது என்று கதை சொல்ல வேண்டும். அதற்காகக் காலத்தை மாற்ற வேண்டாம். நூல்களின் அட்டவணை கணினிக்குப் போன பிறகு, பழைய அட்டவணை அட்டைகளைப் பல நூலகங்களில் குறிப்பெழுத மேசையில் வைத்துவிடுவார்கள். ஏழரை சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டரை; கீழ்விளிம்பின் நடுவே இழுப்பறைக் கம்பி கோத்த ஓட்டை. பின்புறத்தில் ஏழெட்டு வரி எழுதலாம், அதற்கு மேல் இடமில்லை. அந்த அளவே பெரியவரின் வாயை அடக்கும். முன்புறத்தில் ஏதோ ஒரு நூலின் பெயர் தட்டச்சில் இருக்கும். அதை வைத்து விளையாடத் தோன்றும். ஒரே ஒரு முறை செய்யுங்கள், போதும்.

தாழ்வாரம்:
கைபேசிக்கு என் பதில் வேறு. திரையைக் காட்டலாம், கொடுக்க முடியாது. அட்டையைக் கொடுத்தால் அது கைமாறிவிட்டது. வெண்கோடு, இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருவரும் ஒரே அட்டையில் மாறி மாறி எழுதுகிறார்களா, ஆளுக்கொரு அட்டையா?

வெண்கோடு:
அதை யோசிக்கவில்லை. “சீட்டு வந்தது, பதில் போனது” என்று எழுதியிருக்கிறேன்.

தாழ்வாரம்:
யோசியுங்கள், முடிவே அதில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு அட்டை என்றால் அவளிடம் சேர்வது முழுக்க அவர் எழுதியது. தான் எழுதியது ஒன்றுகூட அவளிடம் இருக்காது. அவர் வராமல் போன பிறகு அவள் அட்டைகளை அடுக்கிப் பார்த்தால் “ஆமாம், அதுதான் நல்லது” என்று ஓர் அட்டை இருக்கும். எது நல்லது? அவள் கேட்டது அவர் வீட்டில் கிடக்கிறது. நினைவு தப்பும் மனைவியைப் பற்றிய கதையில் இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? இந்த வழியில் போனால் வெளியே வந்து பேச வைக்காதீர்கள்.

ஒரே அட்டை என்றால் நிலைமை மாறும். முழு உரையாடலும் ஒருவரிடம்தான் சேரும். இடம் தீர்ந்த அன்று யார் வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டாக வேண்டும். அதை எழுதக் காகிதத்தில் இடமில்லை. அப்போது வாய் திறந்தால் காரணத்தோடு திறக்கிறது.

பழையவாசகன்:
இரண்டாவதுதான் எனக்கு வேண்டும், பேசுகிறார்களே! முதலாவது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, அவ்வளவுதான். பாதி உரையாடலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் என்ன செய்ய? தான் எழுதியது அவளுக்கு மறந்தா போயிருக்கும்?

தாழ்வாரம்:
சில மாதம் போனால் மறக்கும். நீங்கள் போன வாரம் இங்கே எழுதியதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கூட்டல்குறி:
எப்படி முடித்தாலும், முதல் நாள் அவள் இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று நினைத்த ஒரு வரி வேண்டும். அது இல்லாமல் நான் மேலே படிக்க மாட்டேன்.

வெண்கோடு:
அந்த வரி வரும், கூட்டல்குறி. ஆளுக்கொரு அட்டை வைத்தே திருத்தி எழுதுகிறேன். ஆனால் பேச்சை எடுக்க மனமில்லை, தாழ்வாரம். முடிவிலிருந்து எடுத்து நடுவில் வைக்கிறேன்: மூடும் மணி அடிக்கும்போது, “மழை பெய்கிறதா?” என்று ஒரே கேள்வி. எழுதுவதற்கு நேரமில்லாததால் வாயில் வந்துவிட்டது.

பழையவாசகன்:
மழையைக் கேட்கவா இத்தனை பக்கம் காத்திருந்தேன்?

அடுக்கறை:
மணியை மூடும் நேரத்தில் அடிக்காதீர்கள். கால் மணி நேரம் முன்னதாக ஒரு மணி அடிப்போம், புத்தகங்களைத் திருப்பி வைப்பதற்காக. அந்த மணிக்குப் பிறகு அவர்களுக்கு எழுத நேரம் இருக்கிறது. இருந்தும் பேசினார்கள் என்றால் அது வேறு கதை.