தருண் தலை பிசுபிசுப்பு: எங்கள் ‘புதுப்பாளையம் குடும்பம்’ குழுவில் ஓடிய பேச்சு

சனிக்கிழமை, இரவு 8.40

விஜி: எல்லோருக்கும் ஒரு கேள்வி. தருணுக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது, இந்த இரண்டு மூன்று மாதமாகத் தலை ஒரே பிசுக்கு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான், பத்து மணிக்கெல்லாம் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறதாம். சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தால் பக்கத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவு வியர்வை வாடை. தினமும் தலைக்கு என்ன செய்ய வேண்டும்?

குமார்: இந்த வயதிலேயே முடி கொட்டுகிறதா? எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது விஜி. உடனே கவனி. நான் இருபத்தைந்தில் விட்டுவிட்டேன், இப்போது சலூன்காரர் என்னிடம் பாதிக் காசு வாங்கினால் போதும்.

விஜி: கொட்டவில்லை அண்ணா. பிசுக்கு.

சரோஜா பெரியம்மா: தலையில் சூடு ஏறியிருக்கிறது, அதுதான் வியர்க்கிறது. தினமும் காலையில் உச்சியில் தேங்காயெண்ணெய் வைத்து அனுப்பு. ஆம்பிளைப் பிள்ளை என்று நீங்கள் எல்லோரும் எண்ணெயே வைப்பதில்லை.

விஜி: தினமும் வைத்துத்தானே அனுப்புகிறேன் பெரியம்மா. எண்ணெய் வைத்துப் படிய வாராமல் போனால் பள்ளியில் திட்டுவார்கள்.

சந்துரு: சித்தி, ஷாம்பு மட்டும் தினமும் போடாதீர்கள். எண்ணெயைக் கழுவக் கழுவத் தலை இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும். வாரம் ஒரு தடவை போட்டால் போதும், கொஞ்ச நாளில் அதுவே பழகிவிடும். என் ஹாஸ்டலில் எல்லோரும் இப்படித்தான்.

கலா: இப்போதுதான் கிளினிக்கில் வேலை முடிந்து வந்தேன். சந்துரு, உன் ஹாஸ்டல் தலையணை உறையைப் பார்த்தவள் நான், அதைப் பற்றிப் பேசாதே. விஜி, முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். தலைக்கு எதைப் போட்டுக் குளிக்கிறான்? எந்தத் தண்ணீர்? நகத்தால் தலையைச் சுரண்டினால் நகத்தடியில் என்ன வருகிறது? நெற்றியில் ஏதாவது இருக்கிறதா?

விஜி: உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் தேய்த்துக்கொள்கிறான். தண்ணீர் போர் தண்ணீர்தான் அக்கா, நம் தெருத் தண்ணீர் உனக்குத் தெரியாதா, வாயில் வைக்க முடியாது. மாநகராட்சிக் குழாயில் காலையில் வருவதைப் பிடித்துச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். நகத்தில் வெள்ளையாக மாவு மாதிரி வருகிறது. நெற்றியில், முடி ஆரம்பிக்கும் இடத்தில், சின்னச் சின்னப் பொரியாக இருக்கிறது.

குமார்: வெள்ளையாக வந்தால் பொடுகு! என்னிடம் டாக்டர் எழுதிக்கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்பு பாதி பாட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

கலா: அவசரப்படாதீர்கள் அண்ணா. விஜி, அரிப்பு இருக்கிறதா? சட்டைத் தோளில் உதிர்கிறதா?

விஜி: இரண்டும் இல்லை.

கலா: அப்படியானால் பொடுகு என்று நான் இப்போதே சொல்ல மாட்டேன். அவன் தலையில் மூன்று சங்கதி ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்று வியர்வை. இரண்டாவது தலைத்தோலே சுரக்கும் எண்ணெய், இந்த வயதில் ஹார்மோன் ஏறும்போது அந்தச் சுரப்பி பெரிதாகிறது, அது எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான். மூன்றாவதுதான் உங்கள் வீட்டில் செய்துகொள்வது. சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் நுரை வராது, பிசுக்குத்தான் வரும். உங்கள் பாத்ரூம் வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதே படிவுதான் அவன் தலையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் நீ எண்ணெய் வைக்கிறாய். குளித்துவிட்டுப் போனவனுக்குப் பத்து மணிக்கே ஒட்டுகிறது என்றால், அத்தனையும் அவன் தலை சுரந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்துரு: அப்போ நான் சொன்னது?

கலா: நீ சொன்னதில் பாதி சரி. கடுமையான ஷாம்புவை நிறைய ஊற்றித் தேய்த்தால் முடி வறண்டு முரடாகும், அது உண்மை. ஆனால் கழுவியதால் சுரப்பி கோபித்துக்கொண்டு அதிகம் சுரக்காது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஹார்மோன் தீர்மானிக்கிறது, நீ கழுவினாயா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கழுவாமல் விட்டால் எண்ணெய் சேரும், அவ்வளவுதான்.

சரோஜா பெரியம்மா: நாங்கள் எல்லாம் ஷாம்புவா போட்டோம்? சீயக்காய்தான். எனக்கு இந்த வயதிலும் பின்னல் இருக்கிறது.

கலா: உங்கள் முடி நீளம் பெரியம்மா, வாரம் இரண்டு நாள் தலைக்குக் குளித்தீர்கள், வெயிலில் பந்து பொறுக்கவில்லை. சீயக்காயும் எண்ணெயை நன்றாகவே எடுக்கும், எண்ணெய்க் குளியலுக்கு அதையே போடட்டும். ஆனால் தினமும் அவன் அதைக் கரைத்துத் தேய்த்து, திப்பி போக அலசுவான் என்று நினைக்கிறீர்களா?

விஜி: ஒரு நிமிடம் கூட நிற்க மாட்டான்.

கலா: அதனால் நாளைக்கு இதைச் செய். காலையில் எண்ணெய் வேண்டாம். சாயங்காலம் ஆடிவிட்டு வந்ததும், சாதாரண ஷாம்பு ஒரு ரூபாய் பாக்கெட்டில் பாதி, அவன் முடிக்கு அது தாராளம். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முடியில் பூசாமல் தலைத்தோலில் படும்படி விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்க்கட்டும், நகம் கூடாது. காதுக்குப் பின்னால், பிடரியில் மறக்காமல். தேய்த்ததைவிட அதிக நேரம் அலச வேண்டும், போர் தண்ணீரிலேயே அலசட்டும், கடைசியில் மட்டும் இரண்டு சொம்பு மாநகராட்சித் தண்ணீர். சோப்பு தலைக்குப் போகவே கூடாது. மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு டிஷ்யூ காகிதத்தை வகிட்டில் வைத்து அழுத்திப் பார், சாயங்காலம் வந்ததும் இன்னொன்று. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.

சரோஜா பெரியம்மா: ராத்திரியில் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும்.

கலா: ஆறரைக்குள் குளிக்கச் சொல்லுங்கள் பெரியம்மா. சளி எல்லாம் பிடிக்காது, ஆனால் ஈரத் தலையோடு படுத்தால் ஊமை வாடை வரும், அதனால் காய்ந்த பிறகுதான் படுக்க வேண்டும்.

விஜி: (போனைத் தருண் பிடுங்கிவிட்டான், அடுத்தது அவன் அனுப்புவது)

விஜி: கலா பெரியம்மா, நான் தருண். எண்ணெய் வேண்டாம் என்று எழுதியதை அம்மாவுக்குப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். ஜெல் போடலாமா?

கலா: இப்போதைக்கு வேண்டாம் கண்ணா. நெற்றிப் பொரி போகட்டும். உன் கிரிக்கெட் தொப்பியைக் கடைசியாக எப்போது துவைத்தாய்?

விஜி: போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

திங்கள்கிழமை, இரவு 7.15

விஜி: அக்கா, இரண்டு போட்டோவும் போட்டிருக்கிறேன். காலையில் வைத்த காகிதத்தில் ஒன்றுமே இல்லை. சாயங்காலக் காகிதத்தில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி தெரிகிறது. பத்து மணிக்கு ஒட்டவில்லையாம், கடைசி பீரியடில்தான் பிசுக்கு வந்ததாம். நகத்தில் மாவும் வரவில்லை.

கலா: நான் நினைத்ததுதான். அந்த வெள்ளை மாவு சோப்புப் படிவு, காலைப் பிசுக்கு உன் எண்ணெயும் அந்தப் படிவும் சேர்ந்தது. சாயங்காலம் காகிதத்தில் ஊறியது மட்டும்தான் அவனுடைய சொந்த எண்ணெய். அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை, அன்றன்றைக்குக் கழுவினால் போதும்.

குமார்: அப்படியென்றால் தினமும் ஷாம்புவா?

கலா: ஆடுகிற நாளில் ஆமாம். ஆடாத நாளில் தொட்டுப் பார்த்துப் பிசுக்கு இல்லையென்றால் விட்டுவிடலாம். வெறும் வியர்வை என்றால் தண்ணீரே எடுத்துவிடும், எண்ணெய்க்குத் தண்ணீர் போதாது, இதைத்தான் அவனுக்குப் புரிய வைக்க வேண்டும். காலையில் தலைக்கு ஊற்றவே வேண்டாம், கை ஈரத்தில் படிய வாரிக்கொண்டு போகட்டும். பள்ளியில் வியர்த்தால் கைக்குட்டையால் தலையை ஒற்றி எடுக்கட்டும், தேய்க்க வேண்டாம். சீப்பை வாரம் ஒரு தடவை ஷாம்பு தண்ணீரில் ஊறப்போடு, தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்று, தொப்பியைத் துவை. இவை அப்படியே கிடந்தால் கழுவிய தலைக்குப் பழைய எண்ணெய் திரும்பி வரும்.

சரோஜா பெரியம்மா: எண்ணெயே கூடாது என்கிறாயா? ஆண்பிள்ளைக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளியல், அது நம் வீட்டு வழக்கம்.

கலா: சனிக்கிழமை வையுங்கள் பெரியம்மா, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் சீயக்காயோ ஷாம்போ போட்டு அலசிவிட வேண்டும், ராத்திரி வைத்துக் காலைவரை விடக் கூடாது. வைத்த எண்ணெய் வியர்வையோடு வழிந்து நெற்றிக்கு வருகிறது, அந்தப் பொரி சரியாக முடி ஓரத்தில் மட்டும் வந்திருப்பதைப் பாருங்கள்.

சரோஜா பெரியம்மா: எங்கள் நெற்றியில் எல்லாம் வரவில்லையே.

கலா: எல்லோருக்கும் வராது.

குமார்: என் ஷாம்பு வேண்டாமா அப்போ?

கலா: அரிப்பும் உதிர்வும் வந்தால்தான் அது. அப்போதும் வாரம் இரண்டு நாள், தேய்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். நீங்கள் போட்ட கையோடு அலசிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்கிற ஆள், எனக்குத் தெரியும். விஜி, வட்டமாக முடி ஒடிந்து வழுக்கை மாதிரி திட்டு தெரிந்தாலோ, மஞ்சளாகக் கனமாகச் செதில் கட்டினாலோ வீட்டில் எதுவும் போட்டுப் பார்க்காதே, காட்டிவிடு. வட்டத் திட்டு படர்தாமரையாக இருந்தால் மாத்திரை வேண்டியிருக்கும், ஷாம்பு மட்டும் போதாது.

சந்துரு: அம்மா, பள்ளியில் எண்ணெய் வைக்காமல் வரக் கூடாது என்றால்?

விஜி: அதேதான். இன்றைக்கே ஒரு சார் கேட்டிருக்கிறார், ஏன் தலை பறக்கிறது என்று. டைரியில் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

குமார்: முடியை ஒட்ட வெட்டிவிடு. பறக்கிறதுக்கு ஒன்றும் இருக்காது.

விஜி: அவன் வீட்டை விட்டே போய்விடுவான் அண்ணா.

கலா: பக்கவாட்டில் மட்டும் குட்டையாக வெட்டச் சொல், மேலே இருப்பது ஈரத்தில் படியும். அதற்கும் சார் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து முடியின் மேல்பக்கம் மட்டும் தடவி அனுப்பு, தலைத்தோலில் வேண்டாம். அதுவும் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் பள்ளியோடு யார் சண்டை போடுவது.

மூன்று வாரம் கழித்து, வியாழக்கிழமை

விஜி: அக்கா, தலை பரவாயில்லை, வாடை இல்லை, சொல்லாமலே குளித்துவிடுகிறான். நெற்றிப் பொரி மட்டும் அப்படியே இருக்கிறது, இரண்டு சிவந்தும் இருக்கிறது.

கலா: எண்ணெயால் வந்தது என்றால் குறைய இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகலாம். சிவந்திருக்கிறது என்றால் சாதாரண முகப்பருவாகவும் இருக்கலாம், போட்டோவில் சொல்ல முடியாது. கிள்ள வேண்டாம் என்று சொல். சனிக்கிழமை இங்கே பாண்டிக்கு அழைத்து வா, டாக்டர் இருப்பார், பார்த்துவிடட்டும்.

சரோஜா பெரியம்மா: சனிக்கிழமையா? அன்றைக்கு எண்ணெய்க் குளியல் ஆயிற்றே.

கலா: குளித்துவிட்டே வரட்டும் பெரியம்மா, ஒரு தேக்கரண்டிதான்.