பீடோர் குடும்பம் 🌴 (குரூப் சாட்)

கவின்: சேகர் மாமா, நாளைக்கு காலைல மலாக்கா போறோம், நான்தான் ஓட்டுறேன். நடுவுல போன்ல லைன் போயிட்டா சரியான ஹைவேலதான் இருக்கேன்னு எப்படி தெரியும்?

பிரியா: பச்சை போர்டு பாத்தா போதும்லா. பச்சைன்னா ஹைவே, நீலம்னா வெளிய சாதா ரோட்டுக்கு வந்துட்டேன்னு அர்த்தம்

சேகர் மாமா: பாதி சரிமா. பச்சை ஹைவேன்னுதான் சொல்லும், எந்த ஹைவேன்னு சொல்லாது. கவின், நீ பீடோர்ல ஏறுறது E1. ராவாங் தாண்டி ஷா ஆலாம்னு போட்ட பக்கம் புடிச்சு போ, அதுவும் E1தான். ஷா ஆலாம் கிட்ட E6க்கு பிரியணும், போர்டுல ஜொகூர் பாரு பேரைப் பாரு. அங்க விட்டுட்டு நேரா போனா கிள்ளான் பக்கம் போயிடுவ, அப்பவும் போர்டு பச்சையாதான் இருக்கும், அதான் கலரை மட்டும் நம்பாதேங்கறேன்

கவின்: E6 எது வரைக்கும் மாமா?

சேகர் மாமா: நீலாய் கிட்ட E2ல போய் சேரும். நடுவுல கேஎல்ஐஏ போர்டு வரும், ஏர்போர்ட்டுக்கு திரும்பிடாத

முனியாண்டி அங்கிள்: நாங்கெல்லாம் பழைய ரோட்லதான் தம்பி போவோம், ஒன்னாம் நம்பர் ரோடு. கிலோமீட்டர் கல்லுல ஈப்போவுக்கு தூரம் குறைஞ்சா வடக்க போறோம், கூடினா தெக்க போறோம், அவ்ளோதான்

சேகர் மாமா: அங்கிள் கணக்கு பழைய ரோட்டுக்கு சரி, ஆனா ஹைவேல ஓரத்து சின்ன பலகைல ஊர் பேரு பாத்து எண்ண முடியாது. E1 கணக்கு வடக்க கெடா எல்லைலேர்ந்து ஆரம்பிக்குது, அதனால நீ தெக்க போகப் போக நம்பர் கூடும், ராவாங் பக்கம் 400 தாண்டிடும். E2 ஜொகூர்லேர்ந்து எண்ணுது, அதனால அதே தெக்கதான் போற, ஆனா நம்பர் குறையும். சிரம்பான் கிட்ட 260 சுமார், ஆயர் கெரோ கிட்ட 210 சுமார். குறையுதேன்னு பயந்து யூ டர்ன் தேடாத, E2ல குறைஞ்சாதான் சரி. கூடிக்கிட்டே போனா கேஎல் பக்கம் திரும்பி வரன்னு அர்த்தம்

சரசு அத்தை: டச் அண்ட் கோ கார்டுல காசு போட்டியாடா

கவின்: போட்டாச்சு அத்தை 🙏

பிரியா: வண்டி நின்னுட்டா போன்ல KM சொன்னா போதும்தானே மாமா

சேகர் மாமா: பத்தாது. KM 280 ஈப்போ பக்கத்துலயும் இருக்கு, நீலாய் பக்கத்துலயும் இருக்கு. E நம்பரும் சேத்து சொல்லு, எந்த பக்கம் போறேன்னும் சொல்லு

கவின்: ஆயர் கெரோ டோல் தாண்டினா நீல போர்டு வரும்ல, அப்புறம் டவுனுக்கு எந்த ரோடு?

முனியாண்டி அங்கிள்: நான் போன காலத்துல நேரா போவோம், இப்ப எத்தனை லைட் போட்டிருக்கானோ

சேகர் மாமா: நீல போர்டுல நம்பருக்கு முன்னாடி M எழுத்து இருந்தா அது மலாக்கா ஸ்டேட் ரோடு, வெறும் நம்பரா இருந்தா பெடரல் ரோடு. மத்ததை அங்க உங்க சித்தப்பாகிட்ட கேட்டுக்கோ