அப்பா எழுதிய கடிதத்தை வங்கி திருப்பிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்வது?

டொராண்டோ புதியவள்
வணக்கம். நானும் கணவரும் கனடா வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக் கடனுக்காக மதுரையிலிருந்து அப்பா அனுப்பிய கடிதத்தை வங்கி திருப்பிவிட்டது. தேதியும் தொகையும் தெளிவாக இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு இரவுகளாகத் தூக்கம் இல்லை. யாராவது உதவுங்கள்.

மிசிசாகா அண்ணாச்சி
தங்கையே, நாங்கள் வந்த புதிதில் கடன் வரலாறு இல்லை என்று மூன்று வங்கிகள் கதவைச் சாத்தின. ஆறு மாதம் அடித்தளத்து அறையில் இருந்தோம். முதலில் ஒரு கடன் அட்டை வாங்கி, மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

டொராண்டோ புதியவள்
நன்றி அண்ணா, ஆனால் கடன் கிடைப்பது பற்றி நான் கேட்கவில்லை. கடிதத்தில் எது தவறு என்று தெரியவில்லை.

மொன்றியல் பெரியவர்
பிள்ளை, நான் 1989இல் வந்தவன். கியூபெக்கில் பிரெஞ்சு முறைப்படி காற்புள்ளிதான் தசமப் புள்ளி. என் முதல் வாடகைச் சீட்டில் 1,250 என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அதை ஒரு டொலர் இருபத்தைந்து சதம் என்று வாசித்துச் சண்டைக்கு வந்துவிட்டார். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. அன்று பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து காசு எழுதினால் கடைசியில் இரண்டு சைபரும் போட்டே எழுதுகிறேன்.

எண்ணும் எழுத்தும்
கவலையே வேண்டாம். எண்ணும் சொல்லும் முரண்பட்டால் சொல்தான் செல்லும். இந்தியாவிலும் கனடாவிலும் அதுதான் சட்டம். வங்கி மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள், ஏற்றே ஆக வேண்டும்.

கணக்காளர் மாமி
அது பாதி உண்மை. காசோலைக்குச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கனடாவின் மாற்றுச்சீட்டுச் சட்டத்தில் 27ஆம் பிரிவு, இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 18ஆம் பிரிவு. ஆனால் இது காசோலை அல்ல, கடிதம். கடன் கொடுப்பவருக்குச் சந்தேகம் வந்தால், சட்டப் பிரிவைக் காட்டி அவரை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. வேறு கடிதம் கேட்பார், அவ்வளவுதான்.

புதியவளே, இவற்றைச் சொல்லுங்கள்: தொகையை அப்பா எப்படி எழுதியிருக்கிறார், ரூபாயா டாலரா? தேதி எப்படி? பணம் எப்போது வந்தது, உங்கள் கணக்கில் எவ்வளவு விழுந்தது?

ஸ்கார்பரோ சேகர்
காசோலை என்றதும் என் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்காரர் பன்னிரண்டு பின்தேதிக் காசோலைகளைக் கேட்டு வாங்கினார். ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் ஒன்றில் 04/03 என்று எழுதியிருந்தேன். ஏப்ரலுக்கானதை மார்ச்சிலேயே போட்டுவிட்டார்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியது, அபராதமும் கட்டினேன்.

மிசிசாகா அண்ணாச்சி
இந்த ஊரில் நம்மைப் போன்றவர்களிடம்தான் எல்லாக் காகிதமும் கேட்பார்கள். குளிரில் மூன்று பஸ் மாறிப் போனால், ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஸ்கார்பரோ சேகர்
உண்மை. எங்களையும் நான்கு முறை அலைய விட்டார்கள்.

டொராண்டோ புதியவள்
மாமி, மன்னிக்கவும், முன்பே சொல்லியிருக்க வேண்டும். இது அன்பளிப்புக் கடிதம். முன்பணத்துக்காக அப்பா தந்த பணம். "ரூ. 18,50,000", அடுத்த வரியில் ஆங்கிலத்தில் "எயிட்டீன் லேக்ஸ் ஃபிஃப்டி தவுசண்ட்". தேதி 05/03/2025, அதாவது மார்ச் 5. பணம் மார்ச் 11 அன்று வந்தது, கணக்கில் விழுந்தது 30,214.60 டாலர். இன்று ஏப்ரல் 15.

கணக்காளர் மாமி
இப்போது புரிகிறது. அந்த அதிகாரியின் கண்ணால் பாருங்கள். இங்கே மூன்று மூன்று இலக்கமாகத்தான் காற்புள்ளி வரும். 18,50,000 என்பதைப் பார்த்தால் நடுவில் ஒரு சுழியம் விட்டுப்போய் 18,500,000 ஆக இருக்குமோ, அல்லது காற்புள்ளி இடம் மாறி 1,850,000 ஆக இருக்குமோ என்று தோன்றும். சொல்லைப் பார்த்துத் தெளியலாம் என்றால், லட்சம் அவருக்குத் தெரியாத சொல். தேதியை மே 3 என்று வாசித்திருப்பார். இன்னும் வராத நாளில் கையெழுத்திட்ட கடிதம் ஆகிவிட்டது. மார்ச் 5 என்றே வாசித்தாலும் பணம் வருவதற்கு முந்தைய கடிதம் அது, டாலர் தொகை எங்கும் இல்லை, கணக்கில் விழுந்ததோடு பொருத்திப் பார்க்க வழியில்லை.

பழைய கடிதத்தில் அடித்துத் திருத்தாதீர்கள். வெள்ளை மை பூசவே கூடாது. தொகையில் திருத்தம் தெரிந்தால் அது யார் கை என்ற கேள்விதான் முதலில் வரும். அப்பா புதிதாக எழுதட்டும். தலையில் அவர் கையெழுத்திடும் உண்மையான நாளையே போட வேண்டும், மார்ச் 5 என்று பின்னோக்கிப் போட வேண்டாம். பணம் வந்த நாளைக் கடிதத்துக்குள் தனியாகச் சொல்லலாம். தேதியில் மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதி, ஆண்டை நான்கு இலக்கமாகப் போட்டால் யாரும் மாற்றி வாசிக்க முடியாது. எண்ணாகவே வேண்டுமென்றால் 2025-04-16 என்று ஆண்டை முன்னால் வைக்கலாம், கனடாவில் அது பழகிய முறை.

எண்ணும் எழுத்தும்
அனுப்பியது ரூபாய் என்பதால் ரூபாயை மட்டும் எழுதுவதே சரி.

மிசிசாகா அண்ணாச்சி
இல்லை, டாலரை மட்டும் எழுதினால் போதும். எங்களுக்கு அப்படித்தான் ஏற்றார்கள்.

கணக்காளர் மாமி
நான் இரண்டையும் எழுதச் சொல்வேன், டாலர் முதலில். CAD 30,214.60 என்று எண்ணில். பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லில் "தேர்ட்டி தவுசண்ட் டூ ஹண்ட்ரட் ஃபோர்ட்டீன் கனேடியன் டாலர்ஸ் அண்ட் 60/100". வெறும் டாலர் அடையாளம் போடாதீர்கள், அமெரிக்க டாலருக்கும் அதே அடையாளம்தான். அடுத்த வரியில், இது INR 1,850,000.00 அனுப்பியதில் மாற்று விகிதமும் கட்டணமும் போக மார்ச் 11 அன்று வந்து சேர்ந்தது என்று ஒரு வாக்கியம். ரூபாயைச் சொல்லில் "ஒன் மில்லியன் எயிட் ஹண்ட்ரட் ஃபிஃப்டி தவுசண்ட்" என்று எழுதச் சொல்லுங்கள். திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் தங்கள் படிவத்தில்தான் கேட்கும், நாளை காலையில் அதை விசாரித்துவிட்டு அப்பாவிடம் பேசுங்கள்.

டொராண்டோ புதியவள்
அப்பா கணினியில் தட்டச்சு செய்ய மாட்டார், கையால்தான் எழுதுவார். பரவாயில்லையா?

கணக்காளர் மாமி
எழுதலாம், இடைவெளி விடாமல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் "எயிட் தவுசண்ட்" என்று எழுதி, எயிட்டுக்குப் பின் கொஞ்சம் இடம் விட்டால், ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து எயிட்டி ஆக்கிவிடலாம். எண்ணிலும் 8க்கும் காற்புள்ளிக்கும் நடுவே ஒரு சுழியம் நுழைந்தால் 80,000. இரண்டும் ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் CAD என்பதை ஒட்டியே எண் தொடங்கட்டும், இலக்கங்கள் நெருக்கமாக இருக்கட்டும், சதத்தையும் எழுதட்டும். சொல் வரி இடது ஓரத்திலிருந்து தொடங்கி, முடிந்த இடத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரு கோடு. 1 வெறும் கோடாக இருந்தால் 7 ஆக்கிவிடலாம், அதற்கு அடியில் சிறு கோடு போடச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ சேகர்
என் காசோலையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தேதிக் கட்டத்தின் கீழே சிறிதாக DDMMYYYY என்று அச்சிட்டிருக்கிறது. நான் மாதத்தை முதலில் எழுதியிருக்கிறேன்.

கணக்காளர் மாமி
அப்படியானால் 04/03 என்பது உங்கள் காசோலையில் மார்ச் 4தான், தம்பி. கட்டத்தின் கீழ் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதன்படிதான் வங்கி வாசிக்கும். எல்லாக் காசோலைகளிலும் ஒரே வரிசை இருக்காது, புதிய புத்தகம் வரும்போது பாருங்கள்.

டொராண்டோ புதியவள்
வங்கியில் கேட்டுவிட்டேன். தனிப் படிவம் இல்லையாம், கடிதமே போதும், ஆனால் டாலர் தொகை கணக்கோடு சதம் வரை ஒத்திருக்க வேண்டுமாம். ரூபாய் வரி தேவையா என்பதை அவர் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அப்பா இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், படம் அனுப்பியதும் இங்கே தொகை வரியைத் தட்டச்சு செய்து காட்டுகிறேன் மாமி.