தம்பிக்கு ஓட்டலா, கிளவுட் கிச்சனா?

தக்கலை அக்கா: என் தம்பிக்கு வயது 19. கல்யாணச் சமையல் குழு ஒன்றில் ஓராண்டு கைவேலை செய்திருக்கிறான். இப்போது நாகர்கோவிலில் இரண்டு இடங்களில் ஹெல்பர் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். ஓட்டலில் 12,000 ரூபாய், தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு. நேரம் 11 முதல் 3.30 வரையும், மாலை 6 முதல் 11 வரையும். வாரம் ஒரு நாள் விடுப்பு. உட்கார்ந்து சாப்பிட இடமில்லாமல் டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் கிளவுட் கிச்சனில் 15,000 ரூபாய், ஒரு வேளைச் சாப்பாடு. 11 முதல் இரவு 9.30 வரை ஒரே ஷிப்ட். மாதம் இரண்டு நாள் விடுப்பு. அவனுக்குச் செஃப் ஆக வேண்டும் என்று ஆசை. எதில் சேர்க்கலாம்?

நாஞ்சில் கிளவுட்: நானே ஒரு கிளவுட் கிச்சன் நடத்துகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3,000 ரூபாய் கூடுதல் என்பது சிறிய தொகை அல்ல. 9.30க்கு வேலை முடிந்தால் தக்கலைக்குப் பேருந்து ஏறி வீட்டில் போய்ப் படுக்கலாம். எங்களிடம் ஒவ்வொரு உணவுக்கும் கிராம் கணக்கில் எழுதிய செய்முறை அட்டை சுவரில் இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு பையன் தனியாக ஒரு அடுப்பைக் கவனிக்கிறான். ஓட்டலில் குழம்பு, கிரேவி வைக்கும் சரக்கு மாஸ்டர் மசாலா சேர்க்கும் நேரம் பார்த்து ஹெல்பரைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிடுவார். அப்படி மூன்று ஆண்டுகள் வெங்காயம் உரித்தவர்களை எனக்குத் தெரியும்.

இரணியல் சமையல்காரர்: மாஸ்டர் மறைப்பார் என்று நண்பர் சொல்வது உண்மைதான், என்னையும் ஒருவர் அப்படித்தான் வெளியே அனுப்பினார். ஆனால் சம்பளக் கணக்கை மணிக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டலில் நாளுக்கு ஒன்பதரை மணி நேரம், 26 நாள், மொத்தம் 247 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 48 ரூபாய் 60 காசு. கிளவுட் கிச்சனில் பத்தரை மணி நேரம், 28 நாள், மொத்தம் 294 மணி நேரம். மணிக்கு 51 ரூபாய். வித்தியாசம் இரண்டு ரூபாய் சொச்சம்தான், அதற்கு மேல் ஓட்டலில் தங்குமிடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஓட்டலில் 11 மணிக்குப் பிறகு அடுப்பு கழுவ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரத்தை யாரும் கணக்கில் சொல்வதில்லை.

என் கேள்வி வேறு. அந்தக் கிளவுட் கிச்சனில் கிரேவி அங்கேயே செய்யப்படுகிறதா, அல்லது பொதுச் சமையலறையில் செய்து பாக்கெட்டில் வருகிறதா? பத்துக் கிலோ வெங்காயத்தை வதக்கிப் பொரித்தால் ஏறத்தாழ மூன்று கிலோதான் மிஞ்சும். பொன்னிறத்திலிருந்து கருகலுக்குப் போக ஒரு நிமிடம் போதும், எண்ணெயின் சூடு எடுத்த பிறகும் வேலை செய்யும் என்பதால் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே அரிகரண்டியில் அள்ளிவிட வேண்டும். புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், அது நிறம் மாற நேரம் எடுக்கும்; அன்றைக்கு அட்டையில் எழுதிய நிமிடக் கணக்கு உதவாது. இதைக் கண்ணும் மூக்கும்தான் கற்க வேண்டும். பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றிக் கோழித்துண்டு போட்டு மூன்று நிமிடத்தில் இறக்குபவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. வளைகுடா வேலைக்கு நேர்முகம் போனால் அடுப்பைக் காட்டிச் செய்து காட்டச் சொல்வார்கள். அங்கே பாக்கெட் இருக்காது.

குழித்துறை வாசகர்: கிளவுட் கிச்சன் தொடங்குவது நல்ல யோசனைதான். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டு, வீட்டின் பின்கட்டிலேயே ஆரம்பிக்கலாம். டெலிவரி செயலிகள் எடுக்கும் கமிஷனை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

தக்கலை அக்கா: அண்ணன், தொடங்குவதற்கு எங்களிடம் பணம் இல்லை. அவன் வேலைக்குத்தான் போகிறான்.

மார்த்தாண்டம் சகோதரி: நான் நான்கு பேர் மட்டுமே இருந்த ஒரு சிறிய கிளவுட் கிச்சனில் ஒன்றரை ஆண்டு வேலை செய்தேன். அங்கே பாக்கெட் எதுவும் வரவில்லை. தேங்காய் துருவுவதிலிருந்து மீன் குழம்பு கூட்டுவது வரை எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். ஆள் இல்லாததால் இரண்டாம் மாதமே என்னைக் குழம்பு வைக்கச் சொன்னார்கள், ஆகவே கிளவுட் கிச்சனில் கற்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் ஒருநாள் எண்ணெய்ச் சட்டி சரிந்து முன்கையில் கொட்டியது. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கிடையாது, மருத்துவச் செலவும் போயிற்று, வேலைக்குப் போகாத இருபது நாள் சம்பளமும் போயிற்று. அந்த முதலாளி கெட்டவர் அல்ல, அவரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு மாதத்தில் கிச்சனும் மூடப்பட்டது.

நாஞ்சில் கிளவுட்: சகோதரி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், என்னிடமும் ஏழு பேர்தான். கிரேவியைப் பொறுத்தவரை, எங்களுக்கு அடிப்படை மசாலா வெளியிலிருந்துதான் வருகிறது. ஆனால் சமையல் என்பது வெங்காயம் வதக்குவது மட்டுமல்லவே. இரவு எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் இருபது ஆர்டர் வரும்போது எதை முதலில் அடுப்பில் வைப்பது, ஒரு பிரியாணிக்கு எத்தனை கிராம் கறி போனால் லாபம் நிற்கும் என்பதையெல்லாம் பையன்கள் எங்களிடம் கற்கிறார்கள். பல மாஸ்டர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இரணியல் சமையல்காரர்: அதை மறுக்க மாட்டேன், அளவும் நேரமும் தெரியாத மாஸ்டர்களிடம் நானே அவதிப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் பிறகும் கற்கலாம். கை பழகுவதற்கு 19 வயதுதான் நல்ல வயது.

அக்கா, இரண்டு இடங்களிலும் ஒருநாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். காலை 11 மணிக்குப் பின்வாசல் வழியாகப் போகட்டும். வெங்காய மூட்டையும் தேங்காயும் கிடந்தால் அங்கே சமையல் நடக்கிறது. ஃப்ரீசர் நிறையப் பாக்கெட் இருந்தால் சூடாக்கல் நடக்கிறது. பிறகு கட்டிங்கில் நிற்பவரிடம், இங்கே ஹெல்பராக வந்து செகண்ட் மாஸ்டர் ஆனவர் யார் என்று கேட்கட்டும். ஆளைக் காட்டினால் சரி. 'எல்லாரும் ஆகலாம்' என்றால் யாரும் ஆகவில்லை என்று பொருள். இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மாஸ்டர் ஓட்டலை விட்டுப் போனால் தன் செட் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போவார், ஆகவே தம்பி சேர்வது கடையிடம் அல்ல, மாஸ்டரிடம்தான். அவர் புரோட்டா, சைனீஸ், சரக்கு என்று அடுப்பு மாற்றி நிற்கவிடுபவரா என்று பார்க்க வேண்டும். புரோட்டாக் கல்லில் மட்டும் ஐந்து ஆண்டு நின்றவர் நல்ல புரோட்டா மாஸ்டர் ஆவார், செஃப் ஆக மாட்டார்.

தக்கலை அக்கா: இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கிளவுட் கிச்சனில் இரண்டு ஃப்ரீசர்; வேலையில் மொத்தம் ஆறு பேர். ஓட்டலில் பதினெட்டுப் பேர் இருப்பதால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அவன் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் போகும் என்றார்கள். மூட்டைகளும் இருந்தன. ஆனால் கட்டிங்கில் நிற்கும் பையன் மூன்று ஆண்டுகளாகக் கட்டிங்கில்தான் நிற்கிறானாம், யாரும் அடுப்புக்கு ஏற்றவில்லையாம். தம்பி அதைக் கேட்டதிலிருந்து பேசாமல் இருக்கிறான்.

நாஞ்சில் கிளவுட்: நான் முதலிலேயே சொன்னேன்.

இரணியல் சமையல்காரர்: அந்த மூன்று ஆண்டில் மாஸ்டர் எத்தனை முறை மாறினார் என்று கேட்டானா? மாஸ்டர் மாறும்போதெல்லாம் புது செட் வந்து அடுப்பைப் பிடித்திருந்தால், கட்டிங்கில் நின்ற பையன் அங்கேயேதான் நின்றிருப்பான். ஒரே மாஸ்டர் மூன்று ஆண்டும் இருந்தும் ஏற்றவில்லை என்றால், அந்த இடம் வேண்டாம். மார்த்தாண்டம் சகோதரி சொன்னது போல் மூட்டை கிடக்கும் சிறிய கிச்சன் ஒன்றைத் தேடுவது மேல்.

தக்கலை அக்கா: கேட்கவில்லை ஐயா. நாளை மூன்றரை மணிக்கு, மதிய வேலை முடியும் நேரம் பார்த்து மறுபடியும் அனுப்புகிறேன்.